“மீன் கதை வேண்டாம்” என்று சிவப்புப் பேனையால் வெட்டியவருக்கு

போன கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பொருளியல் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் ஒரு திருகோணமலைப் பிள்ளையின் தன்விளக்கக் கட்டுரை அது. முதல் பந்தி முழுக்கக் குறுக்கே கோடு. பக்கத்தில் “மீன் கதை வேண்டாம். சிறுவயது முதல் பொருளியலில் ஆர்வம் என்று தொடங்கவும்.” வெட்டியவர் யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர் வெட்டியது என்ன என்று மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை எழுதியிருந்தது இதுதான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. நம் கரையில் ஓடும் சின்ன பைபர் படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. ஏறத்தாழ நாலு மடங்கு செலவு. ஆனால் மறுநாள் காலை கரையில் மீன் விலை அதற்கேற்ப ஏறவில்லை. குறைந்தது, தொழிலுக்குப் போனவர்களின் கைக்கு வந்த காசு. செலவு கூடினால் விலை கூடும் என்றல்லவா வகுப்பில் படிக்கிறோம், ஏன் இப்படி?

இதைவிட நல்ல தொடக்கம் ஒரு பொருளியல் விண்ணப்பத்துக்கு என்ன இருக்கிறது? திரும்பவும் கேட்கிறேன், என்ன இருக்கிறது?

பதிலை நிதானமாகப் பார்ப்போம். படகு கரைக்கு வந்து சேரும்போது மண்ணெண்ணெய் எரிந்து முடிந்துவிட்டது. மீனைக் கூடுதல் விலைக்கு விற்றாலும் குறைந்த விலைக்கு விற்றாலும் அந்தச் செலவு திரும்பி வராது. வெயில் ஏற ஏற மீன் கெடும். ஐஸில் வைத்தாலும் அதற்கும் காசு. அதனால் அன்றைய விலையைத் தீர்மானிப்பது அன்று எத்தனை பெட்டி இறங்கியது, எத்தனை வியாபாரி வந்தார் என்பதுதான். மண்ணெண்ணெய் விலை அந்தப் பேரத்துக்குள் நுழைவதேயில்லை.

அது நுழையும் இடம் வேறு. முதல் நாள் இரவு, “நாளைக்குப் போவமா?” என்ற கேள்வியில். எதிர்பார்க்கும் வரவு எண்ணெய், ஐஸ், இரை ஆகியவற்றின் செலவைத் தாண்டினால் போவார்கள், தாண்டாவிட்டால் படகு கரையில் கிடக்கும். படகுக் கடனின் தவணை இந்தக் கணக்கில் வராது, போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். எண்ணெய் விலை கூடினால் முதலில் நிற்பது தூரத்துப் பயணங்கள். படகுகள் குறைந்து, மீன் குறைந்து, அதன் பிறகுதான் விலை மெல்ல ஏறும். அப்போதும் முழுதாக ஏறாது. நீர்கொழும்பிலும் கற்பிட்டியிலும் இறங்கும் மீனும் அதே கொழும்புச் சந்தைக்குத்தான் போகிறது. விலை கூடினால் வீடுகளில் முட்டைக்கோ ரின் மீனுக்கோ மாறிவிடுவார்கள். 2022இல் வாங்குகிறவர் கையிலும் காசு இருக்கவில்லை.

அப்படியானால் கூடிய செலவை யார் சுமந்தார்கள்? இங்கேதான் கூலிமுறை வருகிறது, பிள்ளையின் பந்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கடலில் கூலி நாட்சம்பளம் இல்லை, பங்கு. விற்ற காசில் முதலில் பயணச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் ஒரு பாதி படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும், மறு பாதி போன ஆட்களுக்கு. கரைக்குக் கரை விகிதம் மாறும், ஆனால் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு.

கணக்குக்காக ஒரு பயணம் எடுப்போம். மீன் 24,000 ரூபாய்க்குப் போகிறது. எண்ணெய் 25 லீற்றர், மற்றச் செலவு 1,500, ஆட்கள் இரண்டு பேர். பழைய விலையில் எண்ணெய் 2,175, மொத்தச் செலவு 3,675. மீதி 20,325. அதில் பாதியை இருவர் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 5,080. புதிய விலையில் எண்ணெய் 8,500, மொத்தச் செலவு 10,000. மீதி 14,000, ஆளுக்கு 3,500. மீன் விலை அசையவில்லை, கூலி 31 சதவீதம் விழுந்துவிட்டது. அதே வேலை, அதே கடல்.

மேசனுக்கு உதவிக்குப் போகிறவருக்கு ஏன் இப்படி இல்லை? கட்டிய சுவர் கண்ணுக்குத் தெரியும், நாட்கூலி கொடுக்கலாம். கடலுக்குள் யார் எவ்வளவு பாடுபட்டார் என்று கரையில் நிற்கும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத் தெரியாது. மீன் படாத நாளில் முழுக்கூலி கொடுக்க அவரிடமும் காசிராது. பங்கு என்றால் உழைக்கும் ஊக்கமும் இருக்கும், நட்டமும் பகிரப்படும். அந்தப் பகிர்வில் எண்ணெய் விலையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இதைத்தான் “மீன் கதை” என்று வெட்டினார்கள்.

“அங்கிருக்கும் பேராசிரியருக்குச் சூடை மீன் தெரியுமா?” என்று ஒருவர் கேட்டார். ஒரு வரியில் விளக்கினால் தெரிந்துவிடும். “பொருளியல் என்றால் பெரிய விஷயம், மீன் சந்தை அல்ல” என்று இன்னொருவர். ஐயா, ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தன் நூலில் குறுங்கால விலையையும் நீண்டகால விலையையும் விளக்க எடுத்த உதாரணமே மீன்பிடித் தொழில்தான். மாடுகளுக்கு நோய் வந்து, இறைச்சிக்குப் பதிலாக மீன் வாங்குகிறவர்கள் கூடினால் ஓரிரு வருடத்தில் விலைக்கு என்ன நடக்கும், ஒரு தலைமுறையில் என்ன நடக்கும் என்று அவர் ஆராய்ந்தார். மார்ஷலுக்கு நாறாத மீன் எங்களுக்கு ஏன் நாறுகிறது?

ஒரு குறை உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையின் முதல் வரைவில் “வியாபாரிகளின் சுரண்டலே காரணம்” என்று ஒரே வரியில் முடிவு இருந்தது. அதை அப்படியே விடக்கூடாது. வியாபாரிகள்தான் காரணம் என்றால், எண்ணெய் ஏறிய பிறகு கரை விலைக்கும் நகரச் சந்தை விலைக்கும் இடையிலான இடைவெளி விரிந்திருக்க வேண்டும். அப்படி விரிந்திருந்தாலும் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது, அதே வருடம் லொறிக்கான டீசலும் ஏறியது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவருக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டு இருப்பதால், சுரண்டல் என்ற சந்தேகத்தை முழுதாகத் தூக்கி எறியவும் முடியாது. இரண்டு விளக்கங்களையும் வைத்து, எதை எப்படிச் சோதிப்பேன் என்று எழுதினால் போதும். திருத்துவது என்றால் இப்படித் திருத்தவேண்டும். வெட்டுவது திருத்தமல்ல.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் இப்போது மூன்று கேள்விகள், எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான், இடைவெளிகளும் கணக்கில். முதல் கேள்வியே ஏன் இந்தப் பாடம் என்பது. “சிறுவயது முதல் ஆர்வம்” என்ற வரியை யாரும் எழுதலாம், எந்தப் பாடத்துக்கும் எழுதலாம். எண்ணெய் ஏறியும் மீன் விலை ஏறாததைக் கவனித்தவர்தான் இந்தப் பந்தியை எழுதமுடியும். எங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய கரையே வெட்கம் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு வலிப்பது அந்தச் சிவப்புக் கோடு அல்ல, கோட்டைப் பார்த்ததும் பிள்ளை “சரி, அழிச்சிடுறன்” என்று சொன்னதுதான்.

அழிக்கவேண்டாம் தம்பி. இன்னொரு வரி சேருங்கள். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், எண்ணெய் விலை அப்படியே இருக்கக் கடல் கொந்தளித்துப் படகுகள் குறையும்போது கரையில் மீன் விலை ஏறும். செலவு அசையாமல் விலை ஏறுகிறது, 2022இல் செலவு ஏறியும் விலை அசையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.