‘வியர்ட்’ என்றாலே விதிதான்

நேற்று பெற்றோர் குழுவில் என் மகளின் ஸ்பெல்லிங் பிழையைப் பற்றிப் பேச்சு வந்தது. கிளறக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

மகள் தொடக்கநிலை 4. ஆங்கில ஸ்பெல்லிங்கில், விசித்திரம் என்று பொருள்படும் ‘வியர்ட்’டுக்கு ஐ என்ற ஆங்கில எழுத்தை முன்னாலும் ஈ என்ற எழுத்தைப் பின்னாலும் போட்டுவிட்டாள். சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ‘கவனக்குறைவு’. கவனக்குறைவா? டியூஷனில் பாட்டாகப் பாடவைத்த விதியை அப்படியே எழுதியிருக்கிறாள்: ஈக்கு முன்னால் ஐ, சிக்குப் பிறகு மட்டும் மாறும். வியர்டில் சி எங்கே இருக்கிறது? சொன்ன பேச்சைக் கேட்டதற்கு ஒரு மதிப்பெண் போச்சு.

“வீட்டில் ஆங்கிலம் பேசினால் இதெல்லாம் தானாக வரும்” என்றார் குழுவில் ஒரு அக்கா. சரி அக்கா. பிலீவ், ரிசீவ், வியர்ட் மூன்றிலும் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே ‘ஈ’ சத்தம்தானே? பிலீவில் ஐ முன்னால், மற்ற இரண்டில் ஈ முன்னால். எவ்வளவு பேசினாலும் காது இதைக் காட்டிக்கொடுக்காது.

ரிசீவும் விதியை மீறுகிறது என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. அதற்காகத்தானே ‘சிக்குப் பிறகு’ என்ற வாலையே ஒட்டியிருக்கிறார்கள்! ரிசீவ், டிசீவ், பர்சீவ், கன்சீவ் எல்லாம் ஒரே லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த பங்காளிகள். ஈ முன்னால் வரும் எழுத்தும் அங்கிருந்தே வந்தது. ஒரு குடும்பத்தின் பழக்கத்தை ஊருக்கே சட்டமாக்கினால்?

வியர்ட் அந்தக் குடும்பமே இல்லை. பழைய ஆங்கிலச் சொல். அப்போது அதன் பொருள் என்ன தெரியுமா? விதி. தலைவிதி! ‘மேக்பெத்’ நாடகத்துச் சூனியக்காரிகளை ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்பது அந்தப் பொருளில்தான். அதன் ஸ்பெல்லிங், ஸ்காட்லாந்துப் பக்கம் எழுதிய முறையிலிருந்து ஒட்டிக்கொண்டது.

“பெரும்பாலும் சரியாகத்தானே வருகிறது?” என்பீர்கள். வருகிறது, ‘ஈ’ என்று ஒலித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு: சீஃப், ஃபீல்ட், பீஸ், நீஸ். அந்த நிபந்தனையைத்தான் பாட்டில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் சயன்ஸ், ஏன்ஷியன்ட், நெய்பர், வெயிட் எல்லாம் கவிழும். சேர்த்தாலும் வியர்ட், சீஸ், புரோட்டீன், கஃபீன் அடங்காது. ஸ்பீஷிஸில் சிக்குப் பிறகே ஐ முன்னால் நிற்கிறது. இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை என்று 2009இல் பிரிட்டிஷ் அரசின் ஆசிரியர் வழிகாட்டியே சொல்லிவிட்டது. எங்கள் டியூஷனுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போல.

எனக்கும் இதில் பழைய காயம் உண்டு. ஜூரோங்கில் ஒரு கிடங்கில் வேலை. சரக்கு வந்ததும் ‘ரிசீவ்ட்’ என்று குத்த ரப்பர் முத்திரை செய்யச் சொன்னார்கள். தாளில் எழுதிக்கொடுத்தது நான், ஐயை முன்னால் போட்டு. எட்டு மாதம் எல்லா ரசீதிலும் அதையே குத்தினோம். கண்டுபிடித்த மேலாளர் என் முகத்தைப் பார்த்து, “ஊரில் தமிழில் படித்தாயா?” என்றார். குத்திய பத்துப் பேரில் யாருக்கும் அது தெரியவில்லை. கேள்வி எனக்கு மட்டும்.

நேற்று அந்த அக்கா எழுதியதும் அதே கேள்விதான். சிரித்த முகம் ஒன்றைப் பக்கத்தில் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ‘சீஸ்’ இருக்கிறது, தின்கிற சீஸ் இல்லை, பறிக்கிற சீஸ். “அப்பா, இதுக்கு எது முன்னால?” என்று கேட்டுவிட்டுப் பாட்டை முணுமுணுக்கிறாள்.