தெரிவதற்கு முன் குடித்த நாட்கள்: முதலில் தேதியைக் கணக்கிடுங்கள்

கர்ப்பம் என்று தெரியாமல் மது அருந்திவிட்ட பெண்கள், மகப்பேறு மருத்துவரான என்னிடம் அதை முதல் பேச்சிலேயே சொல்வதில்லை. வாந்தி, தலைச்சுற்றல், ரத்தச் சோதனைச் சீட்டு என்று எல்லாவற்றையும் பேசி முடித்து, உடன் வந்தவரை ஏதாவது காரணம் சொல்லி வெளியே அனுப்பி, கதவு சாத்திய பிறகுதான் அந்தக் கேள்வி வரும். சிலர் கேட்காமலேயே போய்விடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

அண்மையில் வந்த ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். அவருக்குக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் மார்ச் 1. வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு விழுந்தது ஏப்ரல் 11. வேறொரு மருத்துவரிடம் முதலில் போயிருக்கிறார். "குடித்தேன்" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, எப்போது, எவ்வளவு என்று எதுவும் கேட்காமல், கலைத்துவிடுவது நல்லது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதிவை எழுதத் தூண்டிய கோபமும் அதுதான். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையும், அது பயமுறுத்துவதாக இருந்தாலும் ஆறுதலாக இருந்தாலும், வெறும் ஊகம்தான்.

மேசை நாட்காட்டியைத் திருப்பி அவர் முன் வைத்து, குடித்த நாட்களை வட்டமிடச் சொன்னேன். நினைவில்லை என்றார். கைபேசியில் இருந்த படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனபோது தேதிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன: மார்ச் 10 அன்று இரண்டு கோப்பை ஒயின், மார்ச் 22 அன்று மூன்று கோப்பை, ஏப்ரல் 4 அன்று தோழியின் திருமண இரவில் நான்கு கோப்பை. பெரும்பாலோருக்கு நினைவைவிடப் படங்கள்தான் நம்பகமானவை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மருத்துவர்கள் "ஆறு வாரக் கர்ப்பம்" என்று சொல்லும்போது, அது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படும் கணக்கு. கருமுட்டை வெளியாகிக் கரு உருவாவது, 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு, ஏறத்தாழ 14 நாட்கள் கழித்துத்தான். எனவே ஆறு வாரக் கர்ப்பத்தில் இருக்கும் கருவின் உண்மையான வயது நான்கு வாரம். முதல் இரண்டு வாரங்களில் கரு என்று ஒன்றே கிடையாது. அந்தக் கணக்கில் மார்ச் 10 அன்று குடித்த ஒயினுக்கும் இந்தக் கருவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஏனென்றால் மது ரத்தத்தில் சில மணி நேரம் மட்டுமே தங்கும், கரு தோன்றியதோ மார்ச் 15 அளவில். அந்த வட்டத்தை அப்போதே அடித்துவிட்டேன்.

மார்ச் 22 அன்று கருவின் வயது ஒரு வாரம். கருப்பையின் உட்சுவரில் அது ஒட்டிக்கொள்ளும் நாட்கள் அவை. உறுப்புகள் எதுவும் உருவாகத் தொடங்கவில்லை, இருப்பவை இன்னும் முழுதாகப் பொறுப்புப் பிரிக்கப்படாத உயிரணுக்கள். சில அணுக்கள் கெட்டால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடும், பெருமளவு கெட்டால் கரு தங்காமல் போய்விடும். கருவுற்ற பின் முதல் இரண்டு வாரங்களை "முழுவதும் அல்லது ஒன்றுமில்லை" காலம் என்று மருத்துவ நூல்கள் சொல்வது இதனால்தான். இதை முழு விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் அந்த நாட்களில் குடித்த மதுவால் குழந்தைக்கு உறுப்புக் குறை வந்துவிடும் என்று அஞ்ச வேண்டிய தேவை மிகக் குறைவு.

ஏப்ரல் 4 வேறு கதை. அன்று கருவின் வயது 20 நாள். மூன்றாம் வாரத்தில்தான் கருவின் அடுக்குகள் பிரிந்து, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் தகடு உருவாகி, முகத்துக்கான அடித்தளம் போடப்படுகிறது. மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மழுங்கிப்போதல், குறுகிய கண் திறப்பு ஆகியவை, தாய் மிகுதியாகக் குடித்ததால் பாதிக்கப்பட்ட சில குழந்தைகளிடம் காணப்படும் அடையாளங்கள். விலங்கு ஆய்வுகளின்படி அவற்றின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. 1973ல் அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்குப் பெயர் சூட்டியபோது அவர்கள் விவரித்தது, தீராத குடிப்பழக்கம் உள்ள தாய்மாரின் பிள்ளைகளை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஓர் இரவின் நான்கு கோப்பையும், மாதக் கணக்கில் தினமும் குடிப்பதும் ஒன்றல்ல.

அளவையும் கணக்கிட வேண்டும். 150 மில்லி ஒயினில் ஏறத்தாழ 14 கிராம் ஆல்கஹால் இருக்கும். நான்கு கோப்பையில் 56 கிராம். உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் வெளியேற்றும் என்பதால், அன்றிரவு ஆறு முதல் எட்டு மணி நேரம் அவருடைய ரத்தத்தில் மது இருந்திருக்கும். மது மிகச் சிறிய மூலக்கூறு, கருவை எட்டாமல் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஒரே அமர்வில் நான்கு கோப்பை என்பது, பெண்களைப் பொறுத்தவரை, மிகைக்குடி என்று வகுக்கப்படும் அளவு. அதே நான்கை நான்கு நாட்களில் ஒவ்வொன்றாகக் குடித்திருந்தால் ரத்தத்தில் அளவு அந்த உச்சத்துக்கு ஏறியிருக்காது. எனவே ஏப்ரல் 4ஐ மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

அப்படியானால் ஆபத்து எவ்வளவு? ஒற்றை எண்ணாக இதைச் சொல்பவரை நம்பாதீர்கள். 2013ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய 5,600க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தபோது, 15 வாரத்துக்கு முன் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இடையே குறைப்பிரசவத்திலோ குழந்தையின் எடையிலோ ரத்த அழுத்தச் சிக்கலிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பின்தொடரவில்லை, அதனால் அதை வைத்துக்கொண்டு "ஒன்றும் ஆகாது" என்று பரப்புகிறவர்கள் பாதியை மறைக்கிறார்கள். 2020ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, ஐந்தாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை, குடித்த ஒவ்வொரு வாரத்துக்கும் கருச்சிதைவு வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்வதைக் கண்டது. இந்த எட்டைப் பார்த்து அஞ்சுவதற்கு முன், அது எதன் மேல் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மதுவையே தொடாதவர்களிடமும், உறுதியான கர்ப்பங்களில் பத்தில் ஒன்றோ இரண்டோ கலைந்துவிடுகிறது. அதன் மேல் எட்டு விழுக்காடு என்றால், நூறு பெண்களில் பதினைந்து பேருக்கு நேர்வது பதினாறு பேருக்கு நேரலாம் என்பதுதான் பொருள்.

பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலை நான் சரியெனக் கருதுகிறேன். கர்ப்ப காலத்தில் குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு, அதே வேளையில் தெரியாமல் சிறிய அளவில் குடித்திருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு குறைவு என்று அது இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. நம் பேச்சில் எப்போதும் இவற்றில் ஒன்று மட்டுமே எஞ்சுகிறது.

இனிச் செய்ய வேண்டியவை. முதலாவது, அன்றோடு நிறுத்துவது. நடந்ததற்குப் பரிகாரமாக இதைச் சொல்லவில்லை. முகம் சில வாரங்களில் உருவாகிவிடுகிறது, மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறாவது வாரத்தில் நிறுத்துகிறவர் அந்த வளர்ச்சியின் மிகப் பெரும் பகுதியை மதுவின்றிக் கடக்கச் செய்கிறார். ஒரு விதிவிலக்கு உண்டு: தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர், காலையில் கை நடுங்குகிறவர், குடிக்காவிட்டால் வியர்த்துக் கொட்டுகிறவர், தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், அது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. அவர் மருத்துவரிடம் சொல்லி, கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் என்று 12 வாரம் வரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். முன்பே தொடங்கவில்லை என்றால் அன்றே தொடங்க வேண்டும். அது தண்டுவடக் குறையைத் தடுப்பதற்கானது, குடித்த மதுவை முறிக்கும் மருந்தல்ல. ஊர் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு முதல் இருபது வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் இதயம், முதுகெலும்பு, உதடு போன்றவற்றில் பெரிய குறைகள் இருக்கின்றனவா என்று காட்டும். கற்றலிலும் கவனத்திலும் பின்னாளில் வரக்கூடிய பாதிப்பை அதனால் காட்ட முடியாது. பனிக்குட நீர் எடுத்துச் செய்யும் சோதனையும் இதற்குப் பயன்படாது, அது மரபணுக் குறைகளுக்கானது. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காக அந்த ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள். குடித்தது மட்டுமே காரணம் என்றால், இப்படிப்பட்ட அளவுக்குக் கருக்கலைப்பைப் பரிந்துரைக்க மருத்துவ அடிப்படை இல்லை என்பது என் உறுதியான கருத்து. கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு, அந்த முடிவை அவர் தவறான கணக்கின் மேல் எடுக்கக் கூடாது என்பதே என் கவலை.

மறைக்காமல் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், தேதியும் அளவுமாக. "மது: உண்டு" என்ற இரண்டு சொற்களால் யாருக்கும் பயனில்லை. குழந்தைக்கு நான்கைந்து வயதில் ஏதேனும் சந்தேகம் எழுந்தால், குழந்தை மருத்துவர் தேடப்போவது அந்த வரியைத்தான்.

அந்தப் பெண்ணின் குறிப்பிலும் மூன்று தேதிகளையும் எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, கருவின் நீளம் எங்கள் கணக்கைவிட ஆறு நாட்கள் சிறியதாக இருந்தது. சுழற்சி சில மாதங்களில் 34 நாள் வரை நீளும் என்று அப்போதுதான் சொன்னார். அப்படியென்றால் கரு உருவானது மார்ச் 15 அல்ல, 21 அளவில். ஏப்ரல் 4 அன்று அதன் வயது 20 நாள் அல்ல, 14. சிவப்பு வட்டம் ஆபத்தான வாரத்தின் கடைசியிலிருந்து அதன் வாசலுக்கு நகர்ந்தது. ஸ்கேன் கணக்கிலும் சில நாட்கள் முன்பின் இருக்கும் என்பதால் அந்த வட்டத்தை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் புதிய வயதை மட்டும் எழுதி, அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.