மாத்திரை மறதி எல்லாம் ஒரே மறதி அல்ல

“அப்பா 1970-ல் நடந்ததை வரி விடாமல் சொல்கிறார். இரவு 9 மணி பிரஷர் மாத்திரை மட்டும் மறந்துபோகிறதாம். ஞாபகம் நன்றாக இருக்கிறது, அக்கறைதான் இல்லை.”

இப்படி ஒருவர் எழுதியிருந்தார். இந்த முடிவு தவறுங்க. பழையதைச் சொல்வதும், பிறகு செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைப்பதும் வேறு வேறு வேலைகள். எந்த மாத்திரை, எப்போது என்ற விவரத்தைக் காப்பதில் மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுப் பகுதிக்கு, குறிப்பாக அதன் உட்புறம் உள்ள ஹிப்போகாம்பஸுக்கு, பெரிய பங்கு. டிவி பார்க்கும்போதே ‘ஏதோ செய்யணுமே’ என்று எழுப்பிவிடுவதில் நெற்றிப் பகுதியின் முன்முனைக்குப் பங்கு அதிகம்.

பத்து மணிக்கு “ராத்திரி என்ன செய்யணும்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். “அடடா, மாத்திரை!” என்றால் விவரம் பத்திரமாக இருக்கிறது, எழுப்புதல்தான் தவறியது. மணியைக் கவனித்துச் செய்வது கடினம். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் மாத்திரையை வைத்தால் தட்டே நினைவூட்டும். கேட்டும் எதுவும் தெரியாமல் விழித்தால் விவரமே தங்கவில்லை; மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கு அலாரம் வைத்தால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியது பாதி சரி. விவரம் மறந்தவருக்கு அது வெறும் சத்தம். தன் அம்மா ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டதாக எழுதிய சகோதரிக்கு: அது போட்டதையே மறப்பது, வேறு சிக்கல். அதற்கு அலாரம் உதவாது. கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். காலி அறையே சாட்சி.

ஆனால் ‘ராத்திரி என்ன செய்யணும்?’ என்ற கேள்வியை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். அல்சைமர் ஆரம்பத்தில் விவரத்தைக் காப்பது, உரிய நேரத்தில் எழுப்புவது இரண்டுமே பழுதாகலாம்.