இன்டர்வியூ எந்த மொழியில் என்று முன்னாடியே கேளுங்கள்

ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாக ஆலையில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்தவர்களை இன்ஸ்பெக்டர் வேலைக்கு எடுக்கும்போது டெக்னிக்கல் ரவுண்டில் நானும் உட்காருவேன். போன வருடம் நடந்த ஒரு இன்டர்வியூவுக்குப் பிறகு இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

திருவண்ணாமலை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருட அனுபவம். என் சக ஊழியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். 25 மில்லிமீட்டர் போர், அதாவது ஓட்டை, H7 டாலரன்ஸ். ஓட்டையின் அளவைச் சோதிக்கும் ப்ளக் கேஜில் கோ சைடு உள்ளே போகிறது, நோ-கோ சைடும் உள்ளே போகிறது. என்ன செய்வீர்கள்? அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ரிஜெக்ட் சார்" என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அடுத்த நாலைந்து கேள்விக்கும் இதே மாதிரி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. சக ஊழியர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மேசை டிராயரில் இருந்த ப்ளக் கேஜை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அதே கேள்விதாம்மா. தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

அப்புறம் அவர் சொன்ன பதில் இது. நோ-கோ உள்ளே போனால் போர் 25.021 என்ற மேல் வரம்பைத் தாண்டிவிட்டது, அந்தப் பீஸைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது, கடைசியாக எப்போது செக் பண்ணினோமோ அதற்குப் பிறகு ஓடிய எல்லாப் பீஸையும் தனியே எடுத்து நூறு சதவீதம் பார்க்க வேண்டும். மெஷினை நிறுத்தச் சொல்லி ஆபரேட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றினீர்களா என்பது. ஏன் என்றால், போரிங் செய்யும்போது இன்சர்ட் தேயத் தேய ஓட்டை சின்னதாகிக்கொண்டுதான் போகும், பெரிதாகாது. அதைச் சரிக்கட்ட ஆபரேட்டர், டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வருவார். முப்பது மைக்ரான் வரை ஏற்றியிருக்கும் நேரத்தில் புது இன்சர்ட்டைப் போட்டுவிட்டு ஆஃப்செட்டைத் திருப்பி இறக்க மறந்தால், அடுத்த பீஸே பெரிதாக வரும்.

மெஷின் பக்கத்தில் நின்று பார்க்காதவரால் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. "ரிஜெக்ட் சார்" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது. "முதல்லயே ஏம்மா தமிழ்ல சொல்லல?" என்று கேட்டேன். "கன்சல்டன்சில இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொன்னாங்க சார்" என்றார்.

அன்று மாலை நான் எங்கள் எச்.ஆரிடம் விசாரித்தேன். அப்படி எதுவும் நாங்கள் சொல்லவே இல்லை. கன்சல்டன்சியில் பேசிய பெண்ணிடம் கேட்டால், "பொதுவா எல்லாக் கம்பெனிலயும் அப்படித்தானே சார், சேஃப்டிக்குச் சொல்லி அனுப்புவோம்" என்றார். யாரும் போடாத ஒரு விதிக்காக ஒரு நல்ல இன்ஸ்பெக்டரை இழக்க இருந்தோம். அவரை எடுத்தோம், அது வேறு விஷயம். டிராயரில் அன்று கேஜ் இல்லாமல் இருந்திருந்தால்?

மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் இந்தக் குழப்பம் இல்லை. மெயின் தேர்வைத் தமிழில் எழுதுபவர் நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே எடுத்துக்கொள்ளலாம். எந்த மொழி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். தனியார் கம்பெனியில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. அதனால் வேலை தேடுபவர்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில், யாரிடம் கேட்கிறோம் என்று தெரிய வேண்டும். உங்களுக்குப் போன் செய்பவர் பெரும்பாலும் கன்சல்டன்சி ஆள். அவர் எங்கள் ஆலைக்குள் ஒரு முறைகூட வந்திருக்க மாட்டார். அவரிடம் "இன்டர்வியூ எந்த மொழியில மேடம்?" என்று மட்டும் கேட்டால் "இங்கிலீஷ்தான்" என்றே பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. தெரியாத கேள்விக்கு அவருக்குப் பாதுகாப்பான பதில் அது. அதனால் கேள்வியை அவர் கம்பெனியிடம் கேட்டுச் சொல்ல வேண்டிய மாதிரி வைக்க வேண்டும். எத்தனை ரவுண்ட், டெக்னிக்கல் ரவுண்டில் யார் உட்காருவார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியுமா, பதிலைத் தமிழில் விளக்கலாமா. இப்படிப் பிரித்துக் கேட்டால் அவர் ஊகத்தில் பதில் சொல்ல முடியாது.

நேரமும் முக்கியம். தேதி முடிவு செய்யப் போன் வரும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள், எழுத்தில் இருந்தால்தான் அவர் அதை அப்படியே கம்பெனிக்குத் தள்ளிவிட வசதி. என் அண்ணன் மகனுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது:

"வணக்கம் மேடம். வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கு வருகிறேன். டிராயிங், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் படிப்பேன், எழுதுவேன். டெக்னிக்கல் ரவுண்டில் விளக்கமான பதில்களைத் தமிழில் சொல்லலாமா என்று கம்பெனியில் கேட்டுச் சொல்ல முடியுமா? பேனலில் தமிழ் தெரியாதவர் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கேற்பத் தயாராகி வருகிறேன்."

இதில் ஆங்கிலத்தில் படிப்பேன், எழுதுவேன் என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் உண்மையே இல்லை. டிராயிங் படிக்கிறார்கள், ரிப்போர்ட் நிரப்புகிறார்கள், மெஷின் அலாரத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். சரளமாகப் பேச வரவில்லை, அவ்வளவுதான். வராது என்று சொன்னால் கேட்பவர் காதில் டிராயிங்கும் படிக்கத் தெரியாது என்றே விழும். தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுத் தமிழ் பற்றிக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

தமிழில் பதில் என்றால் தூய தமிழில் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஷாப் ஃப்ளோரில் பேசுகிற தமிழ்தான். இன்சர்ட், ஆஃப்செட், போர் எல்லாம் அப்படியே இருக்கும், வாக்கியம் தமிழில் ஓடும். நாங்களும் தினம் காலை மீட்டிங்கில் அப்படித்தான் பேசுகிறோம்.

வருகிற பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். "ஹெச்.ஆர். ரவுண்ட் ஆங்கிலம், டெக்னிக்கல் தமிழ் ஓகே" என்று வந்தால் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள், நம்பலாம். "எதுல வேணாலும் பேசலாம், பிரச்சனை இல்ல" என்று உடனே வந்தால் அவர் யாரையும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்ததும், முதல் டெக்னிக்கல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பே, "சார், இதைத் தமிழ்ல விளக்கலாமா?" என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். நாலு கேள்வி தடுமாறிவிட்டுக் கேட்டால், பதில் தெரியாமல் மொழி மேல் பழி போடுகிறார் என்று எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணம் நியாயமில்லைதான், ஆனால் வருகிறது. நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

"ஆங்கிலம் கட்டாயம்" என்று வந்தால் எந்த வேலைக்காகக் கட்டாயம் என்று ஒரு முறை கேளுங்கள். உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் உண்டு. கஸ்டமர் குவாலிட்டியில் இருப்பவர் புனேவிலோ வெளிநாட்டிலோ இருக்கும் கஸ்டமரிடம் புகாரைப் பற்றிப் போனில் பேச வேண்டும். ஆடிட் வந்தால் லைனில் நின்று ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் பேசிக்காட்டச் சொல்வது சரியான சோதனை. அங்கே தமிழுக்கு அனுமதி கேட்டுப் பயனில்லை, கிடைத்தாலும் உள்ளே போய்க் கஷ்டப்படுவீர்கள். எங்கள் பக்கம் கொரிய, ஜப்பானிய மேனேஜர்கள் உட்காரும் பேனல்களும் உண்டு. அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் இருக்கும் தமிழ் தெரிந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் லைன் இன்ஸ்பெக்டர் நாள் முழுக்கப் பேசுவது ஆபரேட்டரிடம், ஷிப்ட் சூப்பர்வைசரிடம். ஆங்கிலத்தில் செய்ய வேண்டியது படிப்பதும் எழுதுவதும். அதைச் சோதிக்க ஒரு டிராயிங்கைக் கொடுத்து ரிப்போர்ட் நிரப்பச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு சரளமாகப் பேசுகிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவது எங்கள் தரப்பில் நடக்கும் தப்பு. குவாலிட்டிக்காரனாகச் சொல்கிறேன், ஒரு அளவைப் பார்க்க வேறொரு கேஜை எடுப்பதற்குச் சமம் இது.

இப்படிக் கேட்டால் வாய்ப்பே போய்விடாதா என்று அண்ணன் மகனும் கேட்டான். சில இடங்களில் போகலாம். ஒரு ஆளுக்கு மேல் ஒரு ஆள் வரிசையில் இருக்கும்போது கேள்வி கேட்பவரை ஒதுக்கும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் போய் "ரிஜெக்ட் சார்" என்று முடித்துவிட்டு வந்தால் போவது உறுதி. எந்த நஷ்டத்தை ஏற்பது என்று அவனே முடிவு பண்ணட்டும் என்று விட்டேன். அனுப்பினான்.

எங்கள் ஆலையில் இப்போது இன்டர்வியூ அழைப்பு மெயிலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிவிட்டேன்: டெக்னிக்கல் ரவுண்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லலாம். எச்.ஆரில் முதலில் தயங்கினார்கள், "எல்லாரும் தமிழ்லயே பேசிடுவாங்களே" என்று. பேசட்டும், ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதவைத்துப் பார்க்கிறோமே என்றேன். இப்போது மதிப்பெண் தாளில் பேச்சுக்கு என்று இருந்த கட்டம் எடுக்கப்பட்டு, ரிப்போர்ட் எழுதுவதற்கு என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது.

போன வாரம் அந்தக் கன்சல்டன்சிப் பெண் வேறொரு கம்பெனி வேலையாக எனக்குப் போன் செய்தார். அங்கே இன்டர்வியூ எந்த மொழியில் என்று ஒரு பையன் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறானாம். "அந்த கம்பெனில யார்கிட்ட சார் கேக்கணும்?" என்றார். அங்கே குவாலிட்டியில் இருக்கும் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன்.