மாலையா, பாலையா?

டர்பன் பக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்காக இந்தப் பதிவு. மாற்றுத்திறன் கொண்ட வகுப்புத் தோழரை மதிக்கச் சொல்லித்தரும் நாடகம் வேண்டுமென்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவன் அழுவான், கடைசியில் ஏதோ ஒரு போட்டியில் கோப்பை வாங்குவான், தலைமையாசிரியர் வந்து அறிவுரை சொல்வார். பார்க்கிற பிள்ளையின் மனத்தில் நிற்பது என்ன? கோப்பை வாங்கினால்தான் மரியாதை. கோப்பை வாங்காதவன் என்ன செய்வான்?

எனக்குச் சரியென்று படுவது வேறு வழி. ஒரே ஒரு பையன், அன்றாடம் நடக்கிற ஒரே ஒரு தவறு, எட்டு நிமிடம். பையனுக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறான். கருவி போட்டால் எல்லாம் கேட்டுவிடும் என்றுதான் மற்ற பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பேச்சைப் பெரிதாக்கும்போது மின்விசிறி, நாற்காலி இழுக்கும் ஓசை, கோவில் மண்டபத்தின் எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அதனால் அவன் பேசுகிறவரின் உதட்டையும் பார்த்தாக வேண்டும். தமிழில் 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கும். 'ம'வுக்குக் காற்று மூக்கு வழியாகப் போவது கண்ணுக்குத் தெரியாது. 'மாலை' என்று சொன்னாலும் 'பாலை' என்று சொன்னாலும் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். நாடகம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் நிற்கிறது.

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு வகுப்பு தயாராகிறது. பூசைக்கு மாலையும் வேண்டும், பாயசத்துக்குப் பாலும் வேண்டும். அதனால் அவன் தப்பாக எடுத்துக்கொள்வது முட்டாள்தனமாகத் தோன்றாது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் நடிப்பதால் ஒரு வரிக்கு ஆறு சொல்லுக்கு மேல் போகவில்லை.

காட்சி 1. வகுப்பு. மாணவி பிரியா கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிறாள். காதுக் கருவி போட்ட கவின் முன்வரிசை ஓரத்தில்.

பிரியா: தேவன், நீ வாழையிலை. மாலா, நீ பழம்.
(கவின் பக்கம் அரைத் திருப்பம்.)
பிரியா: கவின், நீ மாலை கொண்டு வா.
கவின்: என்ன? இன்னொரு தடவை சொல்.
பிரியா: (மறுபடி பலகையைப் பார்த்து) மாலை! புரிந்ததா?
(கவின் தயங்கித் தலையாட்டுகிறான்.)
கவின்: (தேவனிடம்) என்ன சொன்னாள்?
தேவன்: விடு, அப்புறம் சொல்றேன்.

காட்சி 2. விழா நாள் காலை. கவின் இரண்டு லிட்டர் பால் கொண்டு வருகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பிரியா: மாலை கேட்டேன். பால் கொண்டு வந்திருக்கிறாய்!
கவின்: நீ பால் என்றுதான் சொன்னாய்.
பிரியா: தலையாட்டினாயே!
கவின்: மூன்றாம் தடவை கேட்டால் கோபப்படுவாய்.
மாலா: பிரியா, சத்தம் இல்லாமல் மாலை சொல்.
(பிரியா வாயை மட்டும் அசைக்கிறாள்.)
மாலா: இப்போது பாலை சொல்.
(பிரியா அசைக்கிறாள். எல்லாரும் அமைதி.)
தேவன்: எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த இடத்தில் மாலா மேடையை விட்டு இறங்கி வருகிறாள். கையில் ஓர் அட்டை, எழுத்து உள்பக்கம். முன்வரிசையின் எதிரே நின்று அட்டையில் உள்ள சொல்லை ஓசையில்லாமல் மூன்று தடவை சொல்கிறாள். "மாலை என்பவர்கள் கை தூக்குங்கள். பாலை என்பவர்கள்?" இரண்டு பக்கமும் கை எழும். அதன்பிறகு அட்டையைத் திருப்புகிறாள். பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரும் தாங்களே தடுமாறிய அந்த நொடிதான் பாடம். அதற்குப்பின் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

காட்சி 3. அதே வகுப்பு, அடுத்த சனிக்கிழமை. பிரியா மேசையை மெல்லத் தட்டுகிறாள். கவின் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறாள்.

பிரியா: அடுத்த வாரம் படம் வரைகிறோம்.
(பலகையில் 'படம்' என்று எழுதுகிறாள். திரும்பி நிற்கிறாள்.)
பிரியா: நீ என்ன கொண்டு வருவாய்?
கவின்: பென்சில், வண்ணம். நீ தாள் கொண்டு வா.
தேவன்: என்ன சொன்னான்?
கவின்: விடு, அப்புறம் சொல்றேன்.
(தேவன் முகம் மாறுகிறது. கவின் அவன் எதிரே வந்து நிற்கிறான்.)
கவின்: தாள். பிரியா தாள் கொண்டு வருவாள்.

அவ்வளவுதான். திரை. டீச்சர் பாத்திரமே இல்லை, வேண்டுமென்றேதான். 'புரிந்ததா?' என்ற கேள்வி முதல் காட்சியில் வருகிறது, 'என்ன கொண்டு வருவாய்?' என்ற கேள்வி மூன்றாவதில் வருகிறது. முதல் கேள்விக்குத் தலையாட்டித் தப்பிக்கலாம், இரண்டாவதற்கு முடியாது. சங்கடத்தில் தலையாட்டிவிடுவது காது மந்தமான பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும். ஒத்திகையில் இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

ஒத்திகையில் கெட்டுப்போகும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கவினாக நடிப்பவன் நாக்குக் குழறிப் பேசக் கூடாது. சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை பள்ளி மைதானத்துக்கும் போகும். எல்லாரையும் போல அவனும் தெளிவாகவே பேசட்டும். இரண்டாவது, அட்டைக் காட்சியில் பிள்ளைகள் வாயைப் பெரிதாகத் திறந்து கோணலாக்கிவிடுவார்கள். உதட்டின் வடிவம் மாறி ஆட்டமே குலைந்துவிடும். சாதாரணமாகப் பேசுகிற வேகம் போதும். கிசுகிசுப்பும் வேண்டாம், முன்வரிசைக்குக் கேட்டுவிடும். தூரத்தில் நின்றால் உதடு சரியாகத் தெரியாது, அதனால்தான் மாலா கீழே இறங்குகிறாள்.

கை மைக் இன்னொரு தொல்லை. உதட்டைப் பற்றிய நாடகத்தில் மைக்கை வாய்மேல் வைத்து மறைத்தால் என்ன மிச்சம்? மோவாய்க்குக் கீழே பிடிக்கப் பழக்குங்கள். பிரியாவின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையை மூடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருண்டுவிடும். உண்மையான வகுப்பிலும் இதே சிக்கல்தான்.

காதுக் கருவிக்கு யாருடைய நிஜக் கருவியையும் இரவல் கேட்காதீர்கள். காதுக்குப் பின்னால் பழுப்பு நிறக் களிமண் துண்டு போதும், காதுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. உங்கள் வகுப்பிலேயே காது மந்தமான பிள்ளை இருந்தால், அவனைக் கவினாக நிறுத்துவதற்கு முன் தனியாகக் கேளுங்கள். பிரியாவாக நடிக்க ஆசைப்படலாம், திரை இழுக்க ஆசைப்படலாம், எதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். வசனத்தையும் முதலில் அவனிடம் காட்டுங்கள்; 'விடு, அப்புறம் சொல்றேன்' எப்படி உறைக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

சைகை மொழி சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் நாட்டின் 12ஆவது அதிகாரப்பூர்வ மொழியானது. அது ஆங்கிலத்தையோ தமிழையோ கையால் காட்டுவதில்லை. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு, புருவமும் முகமும் அதில் பொருள் சொல்லும். யூடியூபில் முதலில் கண்ணில் படும் வீடியோ அமெரிக்கச் சைகையாக இருக்கலாம், அது வேறு மொழி. இங்கே அந்த மொழியை அன்றாடம் பேசும் காது கேளாத ஒருவரை அழைத்து, 'பால்', 'மாலை', 'மறுபடி சொல்' ஆகிய மூன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் சைகையை விட்டுவிடுங்கள், நாடகம் அது இல்லாமலும் நிற்கும். கைதட்டலுக்கு மட்டும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்கச் சொல்லலாம். அதைத் திரை விழுந்த பிறகு சொன்னால் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். நாடகம் தொடங்கும் முன்பே தேவன் மேடைக்கு வந்து செய்து காட்டட்டும்.