செவுள் சிவப்பு மட்டும் போதாது

"செவுள் சிவப்பா இருந்தா மீன் புதுசுதான், வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

அண்ணை, இது பிழை. போன மாசம் மாங்குளத்தில ஒரு பாரை வாங்கினன், செவுள் நல்ல சிவப்பு, வீட்டை கொண்டுவந்து விரலால தடவினா சிவப்புத் தண்ணி ஒட்டுது, அதுக்குக் கீழ மண்ணிறம், பிசுபிசுத்த சளி, மணந்து பாத்தா புளிச்ச நாத்தம். ஆரோ ரத்தம் பூசியிருக்கினம். அதால செவுள் மூடியைத் தூக்கி, தடவி, கட்டாயம் மணந்து பாருங்கோ, புது மீன் கடல் மணம்தான் மணக்கும்.

பிறகு வயித்துப் பக்கம் விரலால அமத்துங்கோ. பள்ளம் உடனே எழும்போணும். அந்தப் பாரையில என்ர விரல் அடையாளம் அப்பிடியே நிண்டது, குடல் இருக்கிற இடம்தான் முதல்ல இளகும்.

கண் வெள்ளையானா பழசு எண்டு மேல எழுதின தங்கச்சி, அது பாதி சரி. ஐஸ் நேரா பட்டாலும் கண் மங்கும், அதால நிறத்தை விட கண் புடைச்சு நிக்குதோ, குழி விழுந்துட்டுதோ எண்டு பாருங்கோ. ஆனா ஐஸ்ல கனநாள் கிடந்த மீனைக் கண்ணை மட்டும் வச்சுப் பிடிக்கிறது எனக்கும் கஷ்டம்தான்.

குளத்து மீன் சேத்து மணம் மணக்குது எண்டு கேட்ட தம்பி, அது பழுதில்லை, குளத்தால வாற மணம். புளிப்பு மணம் வந்தா வாங்காம விட்டிடுங்கோ.