சமையல்காரர் திங் கத்தியை மெதுவாக்கும் இடம்

ஒப்பீட்டு அறவியல் வகுப்பில் தாவோயிசமும், வலிந்து செய்யாமை என்ற அதன் வூவெய் கருத்தும் வந்தாலே ஒரு விடை தயாராக இருக்கும்: "வூவெய் என்றால் எதற்கும் மெனக்கெடாமல் போகிற போக்கில் விடுவது." இந்த விடையை ஓரமாக வைத்துவிட்டு, சுவாங்ட்ஸு என்ற பழஞ்சீனச் சிந்தனையாளரின் பெயரிலேயே வழங்கும் தாவோயிச நூலின் 3ஆம் அத்தியாயத்தை நேராகத் திறந்து படிப்பது நல்லது. அங்கே ஒருவர் கையில் கத்தியோடு மாட்டைக் கூறுபோட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் திங், வென்ஹுய் என்ற பிரபுவின் சமையல்காரர். கை படும் இடம், தோள் சாயும் இடம், கால் ஊன்றும் இடம், முழங்கால் அழுத்தும் இடம் எல்லாம் பழைய நடன இசையின் தாளத்தில் அமைகின்றன. பிரபு அசந்துபோய்ப் பாராட்ட, திங் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்குகிறார். தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணில் பட்டதெல்லாம் முழு மாடு. மூன்று வருஷத்துக்குப் பிறகு முழு மாடு தெரியவில்லை. இப்போதோ கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கிற இடைவெளிகளின் வழியாகக் கத்தி போகிறது. எலும்பு கிடக்கட்டும், ஜவ்வைக்கூட அது தொடுவதில்லை.

அடுத்து வருவது துல்லியமான கணக்கு. சாதாரண சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், ஏனென்றால் அவர் எலும்பில் போட்டுக் கொத்துகிறார். நல்ல சமையல்காரர் வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறார், அவர் சதையை அறுக்கிறார். திங்கின் கத்திக்கு வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்த பிறகும் அதன் முனை சாணையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் இருக்கிறது. வலிந்து செய்கிறோமா இல்லையா என்பதைச் செய்பவரின் மனநிலையை வைத்து இந்தக் கதை அளப்பதில்லை, கத்தியின் தேய்மானத்தை வைத்து அளக்கிறது. சிரமப்படாமல் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டே மாதம் ஒரு கத்தியைத் தேய்ப்பவர்களும் உண்டுதானே.

பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் திங் இன்னும் பேசுகிறார். சிக்கலான மூட்டு வந்தால் அது கடினம் என்று கண்டுகொண்டு எச்சரிக்கையாகிறார். பார்வை அங்கேயே நிலைக்கிறது, கை மெதுவாகிறது, கத்தி மிக நுணுக்கமாக நகர்கிறது, பிறகு மண்கட்டி உதிர்வதுபோல் சதை கழன்று விழுகிறது. வூவெய் என்பது தன்னை மறந்த வேகம் என்றால் இந்த வரிகளுக்குக் கதையில் இடமே இருக்காது. கவனம் அங்கே கூடுகிறது. மூட்டோடு மல்லுக்கட்டுவது மட்டும்தான் இல்லை.

அரிஸ்டாட்டிலோடு ஒப்பிட இதுதான் சரியான இடம். பழக்கத்தால் நற்பண்பு வருகிறது, பண்புள்ளவர் அதை மகிழ்ச்சியாகச் செய்கிறார் என்பதுவரை இருவரும் ஒரே பாதை. ஆனால் அரிஸ்டாட்டில் கேட்பது, தெரிந்து, அந்தச் செயலை அதற்காகவே தேர்ந்து, நிலைத்த குணத்திலிருந்து செய்கிறாரா என்று. அளவுகோல் செய்பவருக்குள் இருக்கிறது. திங்கின் கதையில் அது மாட்டின் உடலமைப்பில் இருக்கிறது.

இந்த நிலைக்கு எப்படிப் போவது? 19ஆம் அத்தியாயத்தில் சிங் என்ற தச்சர் படிகளைச் சொல்கிறார். மணி தொங்கும் சட்டம் செய்வதற்கு முன் அவர் நோன்பிருந்து மனத்தை அடக்குகிறார். மூன்று நாளில் பரிசு, பதவி பற்றிய எண்ணம் போகிறது. ஐந்து நாளில் புகழும் பழியும், திறமையா திறமையின்மையா என்ற கவலையும் போகின்றன. ஏழு நாளில் தனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகிறது. பிறகுதான் காட்டுக்குள் போகிறார். ஒரு மரத்துக்குள் சட்டம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தால் கை வைக்கிறார், தெரியாவிட்டால் விட்டுவிடுகிறார்.

இதைக் கீதையின் நிஷ்காம கர்மத்தோடு சமன்படுத்தி எழுதும் விடைகள் நிறைய வரும். பலனில் பற்று விடுவது சிங்கின் மூன்றாம் நாள் வேலை, அதுவரை ஒற்றுமை உண்டு. ஆனால் "தெரியாவிட்டால் விட்டுவிடுகிறேன்" என்ற வாசல் அர்ஜுனனுக்குத் திறக்கப்படவே இல்லை. கடமை அவன் முன்னால் ஏற்கெனவே நிற்கிறது. சிங்குக்கோ மரம் சம்மதித்தால்தான் வேலை.

சரி, இதில் அறம் எங்கே? கைத்திறனைப் பற்றித்தானே பேச்சு? நியாயமான கேள்வி. பதில் 18ஆம் அத்தியாயத்தில் ஒரு கடற்பறவையின் வடிவில் இருக்கிறது. அது லூ நாட்டுத் தலைநகருக்கு வெளியே வந்து இறங்குகிறது. லூ பிரபு அதைக் குலக்கோயிலுக்கு அழைத்துவந்து மது கொடுக்கிறார், அரச இசை வாசிக்கச் சொல்கிறார், மாடு, ஆடு, பன்றி மூன்றும் பலியிட்ட பெருவிருந்து வைக்கிறார். மிரண்டுபோன பறவை ஒரு துண்டு தின்னவில்லை, ஒரு கோப்பை குடிக்கவில்லை. மூன்றாம் நாள் செத்துப்போனது. தன்னைப் பேணும் முறையில் பறவையைப் பேணினார், பறவையைப் பேணும் முறையில் அல்ல என்கிறது நூல். ஆழ்ந்த காட்டில் தங்கவிட்டு, ஆற்றிலும் ஏரியிலும் மிதக்கவிட்டு, சிறுமீனைத் தின்னவிட வேண்டும். இயல்பு என்று தாவோயிசம் சொல்வது இதைத்தான்.

இந்தக் கதையைக் கன்பூசியஸ் வாயால், ட்ஸிகோங் என்ற சீடனிடம் சொல்லவைத்திருப்பதுதான் குறும்பு. கன்பூசியஸின் உரைத்தொகுப்பில், வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரு சொல் கேட்பவனும் அதே ட்ஸிகோங்தான். "உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே" என்பது அவனுக்குக் கிடைத்த பதில். பிரபு அந்த விதியை மீறவே இல்லை. தனக்கு வேண்டாத எதையும் பறவைக்குச் செய்யவில்லை, இருந்தும் அது செத்தது. விதியைக் காப்பாற்ற நினைப்பவர், "என் இயல்புப்படி நடத்தப்பட நான் விரும்புவேன், ஆகவே அதன் இயல்புப்படி நடத்துவேன்" என்று திருத்தலாம். திருத்தம் சரியே. ஆனால் பறவையின் இயல்பு என்ன என்பதை விதி சொல்லித்தராது. அதற்குத் திங்கின் மூன்று வருஷம் தேவை.

பலவீனத்தையும் மறைக்க வேண்டாம். திங்கின் கதையில் மாடு செத்துக் கிடக்கிறது, அதன் இயல்பை மதித்ததாக யாரும் சொல்ல முடியாது. வென்ஹுய் பிரபு கடைசியில் "உயிரைப் பேணுவது எப்படி என்று கற்றேன்" என்கிறாரே, அது தேயாத கத்தியை, அதாவது தன் உயிரைப் பற்றிய பேச்சு. பிறருக்கான அக்கறை பறவைக் கதையில்தான் வருகிறது. 18, 19ஆம் அத்தியாயங்கள் 'வெளி அத்தியாயங்கள்' என்ற பகுதியைச் சேர்ந்தவை. அந்தப் பகுதி பிற்காலக் கைகளால் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. திங்கின் கதையையும் பறவைக் கதையையும் ஒரே கொள்கையாகக் கோப்பது நாம் செய்கிற வேலை. விடைத்தாளில் அதை ஒப்புக்கொண்டு எழுதுவது நல்லது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கன்பூசியச் சிந்தனையாளர் ஷுன்ட்ஸு இன்னும் கடுமையாகச் சொன்னார்: சுவாங்ட்ஸு வானத்தை, அதாவது இயற்கையைப் பார்த்துக் கண் மறைந்து மனிதரை அறியாமல் போனவர். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி அச்சில் அழுத்தினால்தான் நேராகும், மனிதரும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. பத்துப் பேர் ஒரு கிணற்றில் நீர் பங்கிட வேண்டியிருந்தால் நான் ஷுன்ட்ஸு பக்கம்தான் நிற்பேன். அவரவர் இயல்பைக் கேட்டுக்கொண்டிருந்தால் பங்கு முடியாது. ஆனால் ஒரு குழந்தைக்கோ, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கோ என்ன செய்வது என்ற கேள்விக்கு ஷுன்ட்ஸுவின் அச்சு லூ பிரபுவின் விருந்தாகிவிடும் ஆபத்து இருக்கிறது.